நந்தருக்குப் புத்தர் கொடுத்த வாக்கு

பேரூரில் நொய்யல் கரையில் திதி கொடுத்துவிட்டு வருகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், "அப்பாரு சொர்க்கத்துல நல்லாத்தான் இருப்பாருங்க" என்பார்கள். அந்த நம்பிக்கையோடு எனக்குச் சண்டை எதுவும் இல்லை. ஆனால் நாலு புத்தகம் படித்தவர்கள்கூட "சைவருக்குக் கைலாயம், வைணவருக்கு வைகுண்டம், பௌத்தருக்கு நிர்வாணம்" என்று ஒரே வரிசையில் அடுக்கும்போது சும்மா இருக்க முடிவதில்லை. பௌத்தத்தில் சொர்க்கம் தனியாகவே இருக்கிறது. அதுவும் ஒன்றல்ல, அடுக்கடுக்காக. நம் இந்திரன், அங்கே சக்கன் என்ற பெயரில், அதில் ஒன்றை ஆள்கிறான். நிர்வாணம் அந்த அடுக்கில் எந்த மாடியிலும் வராது.

பாலி நூலான உதானத்தில் நந்தர் கதை ஒன்று வருகிறது. நந்தர் புத்தரின் சிற்றன்னை மகன். துறவியாகிவிட்டார், ஆனால் மனசு வீட்டிலேயே கிடக்கிறது. கிளம்பும்போது பாதி வாரிய கூந்தலோடு திரும்பிப் பார்த்து, "சீக்கிரம் வந்துவிடுங்கள்" என்று சொன்ன பெண்ணை அவரால் மறக்க முடியவில்லை. காவியைக் கழற்றிவிடப் போகிறேன் என்று சக துறவிகளிடமே சொல்லிவிடுகிறார்.

புத்தர் உபதேசம் எதுவும் செய்யவில்லை. கையைப் பிடித்து நேராக இந்திரலோகத்துக்கே அழைத்துப் போகிறார். அங்கே புறாவின் கால்போலச் சிவந்த பாதங்களோடு ஐநூறு அப்சரஸ்கள். "இவர்கள் அழகா, உன்னவள் அழகா?" என்று கேட்கிறார். இவர்களுக்கு முன்னால் அவள் மூக்கும் காதும் அறுபட்ட குரங்கு மாதிரி என்கிறார் நந்தர். (கொஞ்சம் முன்னால் வரை அவளை நினைத்து உருகியவர்தான்!) "அப்படியானால் துறவைத் தொடர். இந்த ஐநூறு பேரும் உனக்குக் கிடைக்க நான் பொறுப்பு" என்று புத்தர் வாக்குக் கொடுக்கிறார்.

செய்தி பரவுகிறது. நந்தர் கூலிக்கு மாரடிக்கிறார் என்று மற்ற துறவிகள் குத்திக்காட்டுகிறார்கள். அவருக்கு வெட்கமாகிறது. தனியே போய் விடாமல் முயன்று கடைசியில் முழு விடுதலை அடைகிறார். அப்புறம் புத்தரிடம் வந்து, "அந்த வாக்கிலிருந்து உங்களை விடுவிக்கிறேன்" என்கிறார். அதற்குப் புத்தர், "உன் மனம் பற்றுவிட்ட அந்த நொடியிலேயே நான் விடுபட்டுவிட்டேன்" என்கிறார்.

சொர்க்கம் பொய் என்று இந்தக் கதை எங்கேயும் சொல்லவில்லை. அது இருக்கிறது, கிடைக்கவும் கிடைக்கும். நந்தருக்குத்தான் அது தேவைப்படாமல் போய்விட்டது. அந்தத் தேவை அற்றுப்போனதன் பெயர்தான் நிர்வாணம்.

அது மட்டுமல்ல, பௌத்தத்தில் சொர்க்கத்துக்குக் கெடு உண்டு. புண்ணியம் தீர்ந்தால் தேவனும் இறங்கியாக வேண்டும். அதற்கு ஐந்து அறிகுறி சொல்கிறார்கள்: கழுத்து மாலை வாடும், உடை அழுக்காகும், அக்குள் வியர்க்கும், மேனி ஒளி மங்கும், தன் ஆசனத்திலேயே இருப்புக் கொள்ளாது. சாகப்போகிற தேவனை மற்றவர்கள் "நல்ல கதிக்குப் போய் வா" என்று வாழ்த்தி அனுப்புவார்களாம். அந்த நல்ல கதி எது தெரியுமா? மனிதப் பிறவி!

போன மாசம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது எங்கள் அக்கா மகன் கேட்டான்: "ஏனுங் மாமா, அப்ப நிர்வாணம்னா ஒண்ணுமில்லாமப் போறதுங்களா?" சரியான கேள்வி. வச்சகோத்தர் என்ற நாடோடித் துறவி, விடுதலை பெற்றவர் செத்தபின் எங்கே பிறக்கிறார் என்று புத்தரிடமே கேட்டார். புத்தர் திருப்பிக் கேட்டார்: உன் முன்னால் எரிகிற தீ அணைந்தால் கிழக்கே போனதா, மேற்கே போனதா? புல்லையும் விறகையும் பற்றி எரிந்தது, அது தீர்ந்தது, புதிதாக யாரும் போடவில்லை, அணைந்தது. எங்கே போனது என்ற கேள்வியே அங்கே பொருந்தாது என்று வச்சகோத்தரே ஒத்துக்கொள்கிறார். இருக்கிறார் என்றாலும், இல்லை என்றாலும், இரண்டையும் புத்தர் ஏற்கவில்லை.

அணைவது ஆசை, வெறுப்பு, மயக்கம் என்ற மூன்று தீ. அது உயிரோடு இருக்கும்போதே நடக்கக்கூடியது. புத்தர் 35 வயதில் அதை அடைந்து, 80 வயது வரை ஊர் ஊராக நடந்தார், பிச்சை எடுத்தார், பேசினார். வயதான காலத்தில் முதுகு வலிக்கிறது என்று தன் சீடர் சாரிபுத்தரைப் பேசச் சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டதும் உண்டு. உடம்பு வலி போகவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு தவிப்பதுதான் போயிருந்தது. செத்தால் மட்டுமே போகக்கூடிய சொர்க்கத்துக்கும் இதற்கும் இங்கேயே பாதை பிரிந்துவிடுகிறது.

மகாயானத்தில் அமிதாப புத்தரின் சுகாவதி என்று ஓர் உலகம் உண்டு. படித்தால் அச்சு அசல் சொர்க்கம். ஆனால் அங்கே பிறப்பதும் ஞானத்துக்கு முயலத்தான். அதுவும் நிர்வாணத்துக்கு முந்தைய நிறுத்தம்.

பேரூரிலேயே பிறவாப்புளி நிற்கிறது, அதன் விதை முளைக்காது என்பது ஐதீகம். பௌத்தர்களின் ரதன சுத்த என்ற பாலிப் பாடலும் விடுதலை பெற்றவர்களை "விதை அழிந்தவர்கள்" என்றுதான் சொல்கிறது. மறுபிறவி வேண்டாம் என்பது வரை இரண்டு பேரும் ஒன்றுதான். அதற்கு மேல் பேரூரில் பட்டீசுவரன் திருவடி இருக்கிறது, போய்ச் சேர ஓர் உயிரும் இருக்கிறது. புத்தர் அந்த இரண்டையுமே வைக்கவில்லை.