கண்ணன் வயிற்றில் நான்

நேற்று ராத்திரி பத்தரை மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு. "தம்பி, படம் நல்லாத்தான் இருக்கு. ஆனா கண்ணன் வயித்துல நீங்க நிக்கிறீங்க. அதை மட்டும் அழிச்சுடுங்க."

நான் நிற்காமல் வேறு யார் மாமா நிற்பார்கள்? கண்ணாடி போட்ட தஞ்சாவூர் ஓவியம். நேர் எதிரே கேமராவை வைத்தால் கண்ணாடி கேமராவைத்தான் காட்டும்.

படம் எடுக்கப் போனபோதே, "கண்ணாடியைக் கழற்றிக்கொள்ளலாமா?" என்று கேட்டேன். தாத்தா காலத்து ஃபிரேமாம், தொடக் கூடாதாம். சரி, எதிரே இருக்கிற வாசல் கதவையாவது சாத்தலாமா? வெள்ளிக்கிழமை, லட்சுமி வருகிற நேரமாம். கேமராவுக்கு முன்னால் கறுப்புத் துணி கட்டி, ஓட்டை போட்டு லென்ஸை மட்டும் நீட்டுகிறேனே? சாமிக்கு எதிரே கறுப்பா! வீடே கூடிவிட்டது. ஆக, கண்ணன் மடியில் வாசல், வாசலில் ஸ்கூட்டி, நடுவில் நான்.

அப்புறம் அந்த வீட்டுப் பையன் வந்தான். "போலரைசர் மாட்டினா போயிடுமே அண்ணே!" போகும்டா ராஜா, கண்ணாடியை நன்றாகச் சாய்ந்து, ஐம்பத்தைந்து டிகிரி வாக்கில் பார்த்தால் போகும். நேராக நின்று எடுத்தால் அது லென்ஸுக்கு மாட்டிய கூலிங் கிளாஸ், படம் இருட்டும், அவ்வளவுதான். சாய்ந்து எடுத்தால் கண்ணன் கோணிப்போவார். அப்படியே எடுத்தாலும் உள்ளே இருப்பது தங்க ரேக்கு. உலோகத்தில் தெரிகிற பிம்பத்தைப் போலரைசர் கண்ணாடிப் பிம்பம் மாதிரி துடைத்து எடுக்காது.

என்னை விட்டிருந்தால் வேலை சுலபம். அறையை இருட்டாக்கி, நூறு எம்எம் லென்ஸோடு பின்னால் தள்ளி நின்றால், கேமராவைச் சுற்றிக் கொஞ்சம் இடம் கறுப்பாக இருந்தாலே போதும். லைட் இரண்டு பக்கமிருந்தும் சாய்வாக வர வேண்டும். அதோடு நிறுத்தினால் தங்கம் செத்துப்போய்ப் பழுப்பாகத் தெரியும், காட்ட அதற்கும் வெளிச்சமாக ஏதாவது வேண்டுமே. பக்கவாட்டில் ஒரு வெள்ளைத் தெர்மோகோல் அட்டையை நிறுத்தி, அதன் மேல் வெளிச்சம் அடித்தால் போதும். கண்ணாடி தட்டை, எதிரே இருக்கிற கறுப்பைத்தான் காட்டும். தங்க வேலையோ புடைத்து நிற்பது, அதன் சரிவுகள் பக்கத்து வெள்ளையை வாங்கிக்கொண்டு மின்னும். இதை எடுத்துச் சொன்னேன். "சாமிக்குப் பக்கத்துல தெர்மோகோலா?" என்றார் மாமி.

இப்போது அழிக்க வேண்டுமாம். என் சட்டைக்குப் பின்னால் முத்துமாலை, கல் பதித்த ஒட்டியாணம், வெண்ணெய்ப் பானை எல்லாம் இருக்கின்றன. என்னை அழித்துவிட்டு அங்கே நான் என்ன வரைவது, எனக்கு ஓவியமா தெரியும்?

பேசாமல் அப்படியே இருக்கட்டும் என்று தோன்றுகிறது. கண்ணன் வயிற்றில் உலகமே இருக்கிறதாம், ஒரு போட்டோகிராபர் இருந்தால் என்ன குறைந்துவிடும்?

அதுகூடப் போகட்டும். கும்பகோணத்தில், பித்தளை டபரா செட்டில், இன்ஸ்டன்ட் காபி கொடுத்தார்கள் சார். அதைத்தான் என்னால் தாங்கவே முடியவில்லை.