ஒரு வட்டம் போட எவ்வளவு மை செலவாகும்?

வெள்ளவத்தையில் கைமாறுகிற ஏ.எல். பௌதிகவியல் டியூட்களில் டயோட்டின் பி-என் சந்திப் படத்தைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வருகிறது. நடுவில் ஒரு பட்டை, அதற்குள்ளும் வெளியிலும் பிளஸையும் மைனஸையும் அள்ளி இறைத்திருக்கிறார்கள். எது நகரும், எது நகராது என்று ஒரு அடையாளமும் இல்லை.

அந்தப் பட்டைதான் வறிதாக்கற் பகுதி, நகரும் ஏற்றங்கள் விலகிப்போன இடம். அதற்குள் பி பக்கம் இருக்கிற மைனஸ், ஓர் இலத்திரனை வாங்கிக்கொண்ட போரன் அயன். 'என்' பக்கத்துப் பிளஸ், இலத்திரனைக் கொடுத்துவிட்ட பொசுபரசு அயன். இரண்டும் பளிங்கில் இறுகிக் கிடப்பவை, இம்மியும் அசையாது. அதைச் சொல்லத்தான் அயனைச் சுற்றி வட்டம். அதைப் போடாமல் விட்டால், "பியில் துளைதானே கூட, பிறகேன் மைனஸ்?" என்று பிள்ளை குழம்பிக் குறிகளை மாற்றிப் போடாமல் வேறு என்ன செய்யும்? குறி மாறினால் மின்புல அம்பும் தலைகீழ். அது 'என்' பக்கத்திலிருந்து பி பக்கத்துக்குப் போகவேண்டியது.

பின்முகக் கோடலில் இன்னும் மோசம். பட்டை அகலமாகிறது என்று எழுதிவிட்டு, ஏன் என்று வாயே திறப்பதில்லை. பற்றரியின் நேர்முனை 'என்' பக்கம் இருக்கிறது. அது ஓரத்து இலத்திரன்களை இழுத்துக்கொள்ள, அதுவரை மறைந்திருந்த பிளஸ் அயன்கள் வெளியே தெரிகின்றன. பி பக்கம் துளைகளுக்கும் இதே கதிதான். அயன் நகரவில்லை, அதை மூடியிருந்த ஏற்றம்தான் விலகியது.

எவ்வளவு அகலமாகும்? சிலிக்கனில் இரண்டு பக்கமும் கன சென்ரிமீற்றருக்கு 10¹⁶ மாசணுக்கள் என்று வையுங்கள். அறை வெப்பநிலையில் உள்ளமைந்த அழுத்தம் ஏறத்தாழ 0.72 V, பட்டை 0.43 மைக்ரோமீற்றர். 5 V பின்முகம் கொடுத்தால் தடையழுத்தம் எட்டு மடங்காகிறது. ஆனால் அகலம் அதன் வர்க்கமூலத்தோடுதான் போகும் என்பதால் 1.2 மைக்ரோமீற்றரில் நிற்கிறது. டியூட்டிலோ பட்டை டயோட்டையே விழுங்கிவிட்டது!

முன்முகக் கோடலில் பட்டையையே துடைத்து எறிந்துவிடுகிறார்கள். அதே சந்திக்கு 0.5 V கொடுத்தாலும் 0.24 மைக்ரோமீற்றர் மிச்சம் இருக்கும். தடை தாழ்கிறது, மறைவதில்லை. அந்தப் படத்தில் பற்றரியை நேரே டயோட்டில் செருகியிருப்பதும் உண்டு, தொடரில் ஒரு தடையி கூட இல்லாமல். அப்படியே பூட்டிப் பார்த்தால் டயோட் கருகும்.

படம் சரியா என்று பார்க்க வட்டங்களை எண்ணுங்கள். இரண்டு பக்கமும் சமமாக இருக்கவேண்டும், ஏனென்றால் மொத்த ஏற்றம் பூச்சியம். எண்ணிக்கைதான் சமம், அகலம் இல்லை. பியில் மாசு நூறு மடங்கு கூடினால் பட்டையில் 99 சதவீதம் 'என்' பக்கம் கிடக்கும். "பியில் மாசு கூட" என்று கேள்வியிலேயே கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, கீழே பட்டையைச் சரிபாதியாகப் பிளந்து வரைகிறவர்களை என்னவென்று சொல்வது?