மோட்டரில பிழையில்லை, கப்ஷனிலதான் பிழை

என்ர மச்சான் ஒருத்தன் கொக்குவில் பக்கம் தண்ணி மோட்டர் திருத்துறவன். வேலை நல்லாத் தெரியும், ஆனா பேஸ்புக் பேஜில எழுதுறது மட்டும் "கோண்டாவிலில் மோட்டர் பழுது, எங்களை அழைத்தார்கள், சரிசெய்து கொடுத்தோம்" எண்டுதான். ஒரு கதைக்கு வேண்டிய பிரச்சினை, திருப்பம், முடிவு மூண்டும் இருக்குத்தானே எண்டு என்னோட ஒரே சண்டை. எங்கயடா திருப்பம் இருக்கு? அவை கோல் எடுத்தது திருப்பமில்லை, பிழை எங்க எண்டு உனக்கு விளங்கின நிமிசம்தான் திருப்பம்.

சரி, எழுதாத, அங்க என்ன நடந்தது எண்டு வாயால சொல்லு எண்டன். அந்த அன்ரி ஒவ்வொரு நாளும் விடிய எழும்பி மோட்டருக்கு ஒரு வாளி தண்ணி விட்டாத்தானாம் இழுக்குது, முதல் பாத்தவர் மோட்டரையே மாத்தச் சொல்லிட்டாராம். இவன் போய் மோட்டரைக் கழட்டேல்லை, ஓஃப் பண்ணிப்போட்டு மேல வாய் நிரம்பத் தண்ணி விட்டுட்டு, அவ தந்த பிளேன் டீயைக் குடிச்சுக்கொண்டு பாத்துக்கொண்டு நிண்டிருக்கிறான். குடிச்சு முடியேக்க தண்ணி இறங்கிட்டுது. குழாய் மூட்டு ஒண்டு ஒழுகினாலும் இப்பிடி இறங்கும், அதால மூட்டுகளைப் பாத்து, பிறகு குழாயை இழுத்து எடுத்தா அடியில தண்ணியைத் திரும்பக் கிணத்துக்கு இறங்கவிடாமல் மறிக்கிற புட்வால்வ் சுண்ணாம்பு பிடிச்சு மூடாமல் நிக்குது. எங்கட கிணத்துத் தண்ணியைப் பற்றித் தெரியும்தானே.

உதெல்லாம் வைச்சுக்கொண்டு "சரிசெய்து கொடுத்தோம்" எண்டு எழுதினா கோவம் வராதோ? நான் எழுதிக் குடுத்தது இதுதான்:

"விடிய எழும்பி மோட்டருக்கு ஒரு வாளி தண்ணி. ரெண்டு மாசமா இந்த அன்ரிக்கு இதுதான் வேலை. புது மோட்டர் வாங்கச் சொல்லிட்டினமாம். நாங்கள் மோட்டரை நிப்பாட்டி, தண்ணி நிரப்பிப்போட்டுப் பாத்தம். ஒரு டீ குடிக்க முதல் இறங்கிட்டுது. பழுது மோட்டரில இல்லை, கிணத்துக்கடியில இருந்த புட்வால்வில. அதை மாத்தினம், மோட்டர் அதே பழசுதான். அடுத்த நாள் விடிய வாளி இல்லாமலே சுவிட்ச் போட்டவ, தண்ணி வந்தது."

முதல் வரியில வாளியை வைச்சதுக்குக் காரணம், "சீ மோர்" வரமுன்னம் தெரியிறது ரெண்டு மூண்டு வரிதான், அதுக்குள்ள கடைப்பேரும் வணக்கமும் போட்டா ஆர் அமத்திப் பாக்கிறது? முடிவை அண்டைக்கே எழுதவும் விடேல்லை, ஏனெண்டா புது புட்வால்வ் மெல்ல மெல்ல ஒழுகினா அது இரவு முழுக்க விட்டாத்தான் தெரியும். உடன "சூப்பரா வேலை செய்யுது" எண்டு போட்டு, விடிய திரும்ப இழுக்காட்டி அன்ரியே கீழ வந்து கொமென்ட் போடுவா.

படத்துக்குப் பழைய வால்வை உள்ளங்கையில வைச்சு எடுக்கச் சொன்னன், அவவிட்டயும் ஒரு சொல்லுக் கேட்டுத்தான் போட்டது. இப்ப மச்சானுக்குக் கடைசியில விலையும் போடோணுமாம். ஒவ்வொரு கிணறும் ஒவ்வொரு ஆழம், குழாயும் அதுக்கேத்த நீளம், ஒரு விலையைப் போட்டுட்டுப் பிறகு படலையடியில நிண்டு பேரம் பேசப்போறது அவன்தான்.