மேனேஜர் மீட்டிங்கைத் தள்ளிவைத்தால் வேலை போகுமா?

"லேஆஃப் வருதாம்" என்ற பேச்சு கிளம்பிவிட்டால் போதும், ஆபீஸில் எல்லோரும் துப்பறிய ஆரம்பித்துவிடுவார்கள். ஹெச்.ஆர். அறைக் கதவு சாத்தியிருந்தது. மேனேஜர் வெறும் "ஓகே" என்று பதில் போட்டார். வழக்கமாக நம்மைக் கூப்பிடும் மீட்டிங்குக்கு இந்த வாரம் அழைப்பு வரவில்லை. பகலில் சேர்த்துவைத்த தடயங்களையெல்லாம் ராத்திரி படுத்துக்கொண்டு கோத்துப் பார்த்தால், தீர்ப்பு ஒன்றே ஒன்றுதான் வரும்: அடுத்தது நான்தான்.

இந்த நிலையில் இருப்பவரிடம் போய், "உனக்கெல்லாம் ஒண்ணும் ஆகாது, பாசிட்டிவா இரு" என்று சொல்பவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. ஒன்றும் ஆகாது என்று இவருக்கு யார் சொன்னார்கள்? நன்றாக வேலை பார்த்தவர்களுக்கும் வேலை போகத்தான் செய்கிறது. பயப்படுபவருக்கும் அது தெரியும், அதனால்தான் அந்த ஆறுதல் பத்து நிமிஷம்கூடத் தாங்குவதில்லை. ரேட்டிங் போடும் பக்கத்திலும் இருந்திருக்கிறேன், ரேட்டிங் வாங்கும் பக்கத்திலும் இருந்திருக்கிறேன். பயத்தை விரட்டுவது நடக்காத காரியம். அதன் எடையைப் போட்டுப் பார்ப்பது மட்டும் நடக்கும் என்பது என் கட்சி.

தோழி ஒருத்தியின் கதையைச் சொல்கிறேன். அவள் கம்பெனியில் பத்து சதவீதம் பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்துவிட்டார்கள். அறிவிப்புக்கும் பட்டியல் வெளிவருவதற்கும் நடுவில் சில வாரங்கள். அந்த இடைவெளியில்தான் என்னைக் கூப்பிட்டாள். "எனக்குப் போயிடும். வீட்டுக் கடன் கட்ட முடியாது. வீடு போயிடும்." மூன்று வாக்கியத்தில் வேலையிலிருந்து தெருவுக்கே வந்துவிட்டாள். உன் கணக்குப்படி இது நடக்க நூற்றுக்கு எத்தனை வாய்ப்பு என்று கேட்டேன். தொண்ணூறு என்றாள், யோசிக்காமலே.

முதலில் தடயங்களைக் கொட்டச் சொன்னேன். மேனேஜர் அவளுடனான வாராந்தர சந்திப்பைத் தள்ளிவைத்துவிட்டார், கேட்டிருந்த புது லேப்டாப்புக்கு இன்னும் ஒப்புதல் வரவில்லை, டைரக்டர் லிஃப்டில் பார்த்துச் சிரிக்கவில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே கேள்விதான் கேட்டேன்: லேஆஃப் பேச்சே இல்லாத மாசத்திலும் இது நடந்திருக்கா? காலண்டரைத் திறந்து பின்னால் போய்ப் பார்த்தாள். அந்த வாராந்தர சந்திப்பு போன வருஷம் முழுக்கவே பாதிக்கு மேல் தள்ளித்தான் போயிருந்தது, அந்த மனுஷன் அப்படித்தான். லேப்டாப் எப்போதும் இழுத்துத்தான் வரும். டைரக்டர் என்றைக்குச் சிரித்திருக்கிறார்?

நல்ல மாசத்திலும் கெட்ட மாசத்திலும் ஒரே அளவுக்கு நடக்கிற விஷயம் நமக்கு எந்தச் செய்தியும் சொல்வதில்லை. பயம் வந்தபிறகுதான் அது கண்ணில் படுகிறது, அதனால் புதிதாக நடப்பதுபோலத் தோன்றுகிறது. இப்படி எடையே இல்லாத தடயங்களை இருபது சேர்த்தாலும் கூட்டுத்தொகை பூஜ்யம்தான்.

எடையுள்ள அடையாளங்களும் உண்டு, அவற்றையும் சொல்லாமல் விட்டால் நானும் அந்த "பாசிட்டிவா இரு" கூட்டத்தில் சேர்ந்துவிடுவேன். நம் ப்ராஜெக்டுக்குப் பணம் கொடுக்கும் கிளையன்ட் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை என்றால் அதற்கு எடை உண்டு. அடுத்த காலாண்டின் திட்டத்தில் நம் டீம் செய்யும் வேலையே இல்லை என்றாலும் அப்படித்தான். நம் வேலை முழுவதையும் ஆவணமாக எழுதி இன்னொருவருக்குக் கே.டி. கொடு, அதாவது வேலையைக் கற்றுக்கொடு என்று, காரணம் சொல்லாமல், தேதி மட்டும் சொல்கிறார்கள் என்றால் கவனிக்க வேண்டியதுதான். பதவி உயர்வுக்கு முன்னாலும் இதைச் செய்யச் சொல்வார்கள், ஆனால் அப்போது அடுத்த வேலை என்ன என்பதையும் சேர்த்தே சொல்வார்கள். இவையெல்லாம் சாதாரண மாசத்தில் அடிக்கடி நடப்பவை அல்ல.

தோழி விஷயத்தில் எடையுள்ளது ஒன்றே ஒன்று இருந்தது: அவள் டீம் பார்த்துக்கொள்வது பழைய ப்ராடக்ட், புது விற்பனை குறைவு. கம்பெனி முழுக்கப் பத்து சதவீதம் என்றால் அவளுக்கு இருபது என்று வைத்துக்கொண்டோம். இருமடங்கு ஏன்? துல்லியமான காரணம் கிடையாது, கொஞ்சம் கடுமையாகவே போட்டுப் பார்ப்போம் என்றுதான்.

இப்போது சங்கிலியின் அடுத்த கண்ணி. வேலை போனால் உடனே வீடு போய்விடாது. கம்பெனி தரும் செட்டில்மென்ட் மூன்று மாதச் சம்பளம் வரும் என்று முன்பு வேலையிழந்தவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். சேமிப்பு, கடன் தவணையும் சேர்த்து, நான்கு மாதம் தாங்கும். ஆக ஏழு மாதம். அதற்குள் வேறு வேலை கிடைக்காமல் போக எத்தனை வாய்ப்பு? அவளைப் போன்ற அனுபவம் உள்ளவர்கள் தேடி எத்தனை மாதத்தில் சேர்ந்தார்கள் என்று தெரிந்தவர்களை நினைத்துப் பார்த்து, முப்பது சதவீதம் என்றாள். இருபதில் முப்பது சதவீதம் என்றால் ஆறு. நூற்றுக்குத் தொண்ணூறு என்று தொடங்கியது நூற்றுக்கு ஆறில் வந்து நின்றது.

இங்கே ஒரு ஓட்டை இருக்கிறது, அதையும் அவளிடம் சொன்னேன். கம்பெனிகள் ஆட்களைக் குறைப்பதே பெரும்பாலும் சந்தை மோசமாக இருக்கும்போதுதான். அதே நேரத்தில் மற்ற கம்பெனிகளும் ஆள் எடுக்காது. அதனால் நல்ல காலத்தில் வேலை தேடியவர்களை வைத்துப் போட்ட முப்பது சதவீதம் இப்போது பொருந்தாது. அதை அறுபது ஆக்கு என்றேன். இருபதில் அறுபது சதவீதம், பன்னிரண்டு.

பன்னிரண்டு சின்ன எண் கிடையாது. எட்டில் ஒன்று என்று சொல்லிப் பார்த்தால் கொஞ்சம் வயிற்றைக் கலக்கும். ஆனால் தொண்ணூறுக்கு உள்ளே உட்கார்ந்திருப்பவரால் எதுவும் செய்ய முடியாது, பன்னிரண்டுக்கு ஏதாவது செய்யலாம். எந்தக் கண்ணியில் கை வைக்க முடியும் என்றும் அப்போதுதான் தெரிகிறது. முதல் கண்ணி, அதாவது பட்டியலில் பேர் வருமா என்பது, அந்த நேரத்தில் அவள் கையில் இல்லவே இல்லை. அந்தப் பட்டியலைத் தயாரிப்பவர்கள் பல சமயம் அவளைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். அந்த வாரங்களில் ராத்திரி பதினோரு மணிக்கு மெயில் அனுப்பி உழைப்பைக் காட்டிக்கொள்வது வீண் சிரமம். ஏழு மாதம் என்பதை ஒன்பது ஆக்குவது அவள் கையில் இருந்தது. கடன் கொடுத்த இடத்தில் தவணையைச் சில மாதம் தள்ளிப்போட வழி உண்டா என்று கேட்டாள், ரெஸ்யூமேயைத் திருத்தினாள், முன்னாள் சகாக்கள் இருவரிடம் பேசினாள். அத்தோடு அந்த வாரத்துக்குச் செய்ய வேண்டியது முடிந்தது.

இதே கணக்கு எதிர்ப்பக்கமும் காட்டும். இன்னொரு நண்பர் கொஞ்சமும் கவலைப்படவில்லை. அவர் ப்ராஜெக்டை மூடப்போவதை எழுத்திலேயே சொல்லிவிட்டார்கள். "எனக்குத் தெரியாத வேலையா, எங்கேயாவது போட்டுடுவாங்க" என்றே இருந்தார். அவருக்குத் தொடக்க எண் பத்து கிடையாது, ஐம்பதோ அறுபதோ இருக்கும். அளவோடு கவலைப்படச் சொன்னால் அவர் கவலையைக் கூட்டத்தான் வேண்டும்.

அப்ரைசல் விஷயத்துக்கு வருகிறேன், அது வேறு மாதிரி வலி. "எதிர்பார்ப்புக்குக் கீழே" என்ற ஒரு வரியைப் படித்துவிட்டு, நாம் மனுஷர்களாகவே தோற்றுவிட்டதுபோல ஆகிவிடுகிறோம். அந்த வரி எப்படி வருகிறது என்று வெளியே யாரும் சொல்வதில்லை. பெல் கர்வ் வைத்திருக்கும் இடங்களில், மேனேஜர்கள் கூடி உட்கார்ந்து கேலிப்ரேஷன் என்று ஒன்று நடத்துவார்கள். திரையில் பெயர்கள். மேல் ரேட்டிங் இத்தனை பேருக்குத்தான், கீழ் ரேட்டிங்கில் இத்தனை பேராவது வேண்டும். யார் மேனேஜர் நன்றாக வாதாடுகிறாரோ அவர் ஆள் தப்பிப்பார். எண் முடிவானபிறகு, அந்த எண்ணுக்குப் பொருந்துகிற மாதிரி பத்தி எழுதப்படுவதும் உண்டு. பத்தியைப் படித்துக் கண்ணீர் விடுபவருக்கு இந்த வரிசை தெரியாது. 2000ஆம் ஆண்டு ஸ்கலன், மவுண்ட், காஃப் என்ற மூன்று ஆய்வாளர்கள் ஆயிரக்கணக்கான மேனேஜர்களுக்குக் கிடைத்த ரேட்டிங்குகளை அலசினார்கள். மதிப்பெண்களில் இருக்கும் ஏற்றத்தாழ்வில் பாதிக்கு மேல், மதிப்பெண் போட்டவரின் தனிப்பட்ட போக்கிலிருந்தே வந்தது.

அதற்காக ரேட்டிங்கைக் குப்பையில் போடு என்று சொல்ல மாட்டேன். நம்மைப் பற்றிய உண்மையை அது பாதிகூடச் சொல்லாமல் இருக்கலாம், ஆனால் ஆட்குறைப்புப் பட்டியல் போடும்போது எக்செல் தாளில் அந்த எண்தான் நிற்கும். இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது: மனசுக்குள் அதற்கு எடை குறைவு, கணக்கில் எடை அதிகம்.

திட்டு வாங்குவதும் பி.ஐ.பி. வாங்குவதும் ஒன்றல்ல. பி.ஐ.பி. என்பது வேலையில் முன்னேற்றம் காட்டச் சொல்லி இலக்கும் கெடுவும் வைத்துத் தரும், தேதி போட்ட ஆவணம். அது உண்மையிலேயே மீட்பதற்கா, கோப்பு சேர்ப்பதற்கா என்று கண்டுபிடிக்க நான் பார்ப்பது இரண்டைத்தான். இலக்குகளை அளக்க முடிகிறதா, கொடுத்த நாளுக்குள் மனுஷனால் முடிக்கக் கூடியதா? வாராவாரம் பேசுவதாகச் சொன்ன மேனேஜர் உட்கார்ந்து பேசுகிறாரா? "முன்முயற்சி காட்ட வேண்டும்" என்று மட்டும் எழுதி, சொன்ன சந்திப்புகளுக்கும் வராமல் இருந்தால், அன்றே வெளியே தேட ஆரம்பிப்பதுதான் புத்திசாலித்தனம்.

கணக்கெல்லாம் போட்ட பிறகும் ராத்திரி மூளை ஓயாது. அதற்கு உளவியலாளர் தாமஸ் போர்கோவெக்கும் அவர் சகாக்களும் 1983இல் ஒரு முறையைச் சோதித்துப் பார்த்தார்கள். தினமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் அரை மணி நேரம் கவலைக்கென்றே ஒதுக்குவது, மற்ற நேரத்தில் கவலை தலைகாட்டினால் "சாயங்காலம் வா" என்று அனுப்பிவிட்டுக் கைவேலையைப் பார்ப்பது. கேட்கக் கிறுக்குத்தனமாக இருக்கும். தோழி அந்த அரை மணியில் தடயங்களைத் தாளில் எழுதி, எடை இருக்கிறதா என்று பக்கத்தில் குறித்துக்கொண்டாள். பாதி நாள் எழுத எதுவும் இல்லாமல் எழுந்துவிட்டாள். வாரக்கணக்கில் தூக்கமோ சாப்பாடோ இல்லாமல் போனால் மட்டும், இதையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு டாக்டரைப் பார்ப்பதுதான் சரி.

பட்டியல் வந்தபோது அவள் பேர் இல்லை. பக்கத்து சீட்காரர் பேர் இருந்தது. கணக்கு சரியாகப் போட்டதால் அவள் தப்பித்தாள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அவருக்கும் இதே இருபதுதான் வந்திருக்கும்.

கடைசியாக மேனேஜர்களிடம் ஒரு புகார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் "திங்கட்கிழமை கொஞ்சம் பேசணும்" என்று மட்டும் மெசேஜ் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறீர்களே, "அடுத்த ரிலீஸ் பற்றி" என்று மூன்று வார்த்தை சேர்க்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்?