அந்தப் பார்வைக்குப் பெயர் பசி இல்லை

நாங்கள் சாப்பிடும்போது முகத்தைப் பார்த்து உணவு கேட்கும் என் நாயின் பழக்கத்தை நிறுத்த 19 நாள் பட்ட பாடு, மேசைக்கு அடியில் நீண்ட ஒரு கையால் நேற்றிரவு பாழாய்ப் போனது. எழுதித் தீர்த்தாலாவது ஆத்திரம் அடங்குமா என்றுதான் இதை எழுதுகிறேன்.

நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். நாய்க்கு ஏழு மணிக்கே உணவு வைத்தாயிற்று. தின்றது போகக் கிண்ணத்தில் கால் பங்கு அப்படியே கிடந்தது. யாரும் பறித்து வைக்கவில்லை, வேண்டாமென்று அதுவே விட்டுவிட்டுப் போனது. எட்டு மணிக்கு நாங்கள் சாப்பிட உட்கார்ந்தபோது, அது சுவரோரம் தன் விரிப்பில் படுத்திருந்தது. விருந்தாளியாக வந்திருந்த சித்தப்பா முதல் வாய் எடுத்ததும் தலையை நிமிர்த்தியது. இரண்டாவது வாய்க்கு எழுந்தது. மூன்றாவதற்குள் அவருடைய நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. தட்டில் இருப்பது தெரியாத உயரத்தில் உட்கார்ந்து, அவர் முகத்தையே பார்த்தது. புருவத்தின் உள்முனை மேலேறியது, கண் பெரிதாகியது, நெற்றி சுருங்கியது. "வேண்டாம் சித்தப்பா, அதைப் பார்க்காதீர்கள்" என்றேன். அவர் பார்த்தார். "கொடுத்துவிடாதீர்கள்" என்றேன். "பாவம், எப்படிப் பார்க்குது பாரு. இதை வச்சுக்கிட்டு உனக்கு எப்படித்தான் தொண்டையில இறங்குது?" என்று என்னைக் கேட்டார். கேட்டுக்கொண்டே, வெங்காயத்தோடு வதக்கிய இறைச்சித் துண்டு ஒன்றைக் கீழே நீட்டினார். மெல்லக்கூட இல்லை, ஒரே விழுங்கு. விழுங்கிய மறுநொடியே கண் மீண்டும் அவர் முகத்துக்குப் போய்விட்டது.

அந்தப் "பாவம்" என்ற சொல்தான் என்னை எரிக்கிறது. கிண்ணத்தில் தன் உணவு மிச்சமிருக்க, அதைத் திரும்பியும் பாராமல் ஒருவர் முகத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் பிராணியைப் பசித்திருக்கிறது என்று எப்படிச் சொல்ல முடிகிறது? நாயின் முகபாவங்களை 2017-இல் 24 நாய்களை வைத்து ஆராய்ந்தார்கள். எதிரில் நிற்பவர் நாயைப் பார்த்து நின்றபோது புருவத்தை உயர்த்துவது போன்ற முக அசைவுகள் கூடின. முதுகைக் காட்டி நின்றபோது குறைந்தன. அவர் கையில் உணவு இருந்ததா இல்லையா என்பது அந்த அசைவுகளைக் கூட்டவில்லை. ஆக, நாம் உருகிப்போகிற அந்த முகம் உணவைக் கண்டு வருவதில்லை. ஒருவர் தன்னைக் கவனிக்கிறார் என்பதைக் கண்டு வருவது. அந்தப் புருவத்தைத் தூக்குவதற்கென்றே நாய்க்கு நன்கு வளர்ந்த தசை ஒன்று உண்டு. ஓநாய்க்கு அந்த இடத்தில் பெரும்பாலும் சில மெல்லிய இழைகளே இருக்கின்றன என்று 2019-இல் வெளிவந்த உடற்கூறு ஆய்வு காட்டியது. சித்தப்பாவுக்கு இரக்கம் வந்தது அவருடைய குற்றமில்லை. அந்த இரக்கத்தைப் பசிக்குச் சான்றாக நினைத்ததுதான் குற்றம்.

அப்படியானால் அந்தப் பார்வை என்ன? பிச்சை கேட்பதா, வேறு ஏதாவதா? எனக்கு இதில் ஐயமே இல்லை: அது ஒரு கேள்வி. நாய் நம்மிடம் கேள்வி கேட்கப் பிறந்த இனம். ஹங்கேரியில் ஆதாம் மிக்லோசியும் அவருடன் பணியாற்றியவர்களும் 2003-இல் வெளியிட்ட சோதனையில், மனிதர் கையிலேயே வளர்ந்த ஓநாய்களுக்கும் நாய்களுக்கும் திறக்கவே முடியாதபடி மூடிய உணவை வைத்தார்கள். ஓநாய்கள் விடாமல் அதனோடேயே மல்லுக்கட்டின. நாய்களோ விரைவிலேயே முயற்சியை நிறுத்திவிட்டுப் பின்னால் நின்ற மனிதரின் முகத்தைத் திரும்பிப் பார்த்தன. சாப்பாட்டு மேசையில் நடப்பதும் அதேதான். உணவு கைக்கெட்டாத உயரத்தில் இருக்கிறது; அதைத் திறக்கும் சாவி நம் முகம். என் நாயிடமே இதைச் சோதித்திருக்கிறேன். சாப்பிடும்போது இடப்பக்கம் திரும்பி உட்கார்ந்தால், எழுந்து சுற்றிவந்து இடப்பக்கம் உட்காரும். தட்டு நகரவில்லை, முகம்தான் நகர்ந்தது. அது முகத்தின் பின்னால் வந்தது.

இந்தக் கேள்வியைப் பிடிவாதமாக மாற்றுவது நாம்தான். எப்போதும் கொடுத்துவந்து ஒருநாள் நிறுத்தினால் நாய் சீக்கிரம் விட்டுவிடும். பத்து வேளை மறுத்துப் பதினோராவது வேளை கொடுத்தால்தான் விடவே விடாது. ஏனென்றால் அடுத்த வாய் எப்போது விழும் என்று அதற்குத் தெரியாது, ஆனால் விழும் என்று மட்டும் தெரியும். எப்போதாவது கிடைக்கும் பரிசுதான் பழக்கத்தை ஆழமாக வேரூன்றச் செய்கிறது என்பது நடத்தையியலில் பல பத்தாண்டுகளாக நிலைபெற்ற உண்மை.

நான் நிறுத்தத் தொடங்கிய முதல் இரண்டு நாள் அது பார்த்தது. நான்காம் நாள் பார்வை போதாதென்று முனகியது, என் முழங்கால்மேல் பாதத்தை வைத்தது, ஐந்தாம் நாள் குரைத்தது. முன்பு பலித்த வழி பலிக்காதபோது, கைவிடுமுன் ஒருமுறை பலமாக முயன்று பார்ப்பது இயல்பு. பலரும் அந்த ஐந்தாம் நாளில்தான் மனம் தளர்ந்து கொடுத்துவிடுகிறார்கள். அதன் விளைவாக, பார்த்தால் கிடைக்காது, குரைத்தால் கிடைக்கும் என்று நாய் கற்றுக்கொள்கிறது. நான் கொடுக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டேன், பேச்சே கொடுக்கவில்லை. நாங்கள் உட்காருமுன் விரிப்பில் படுத்தால் மட்டும் அதன் சொந்த உணவில் ஒரு பிடியை அங்கேயே போட்டேன். பதினொன்றாம் நாளிலிருந்து தானாகவே போய்ப் படுக்கத் தொடங்கியது. 19-ஆம் நாள் சித்தப்பா வந்தார்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனம் ஒப்பவில்லை. வெங்காயமும் பூண்டும் சமைத்தாலும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியவை. ஒரு சிறு துண்டால் ஒன்றும் ஆகாமல் போகலாம்; ஆனால் "பாவம்" என்று நீட்டும் கை எதை நீட்டுகிறோம் என்று பார்ப்பதே இல்லை. திராட்சையும் சாக்லேட்டும் வேகவைத்த எலும்பும் இப்படித்தான் மேசைக்கு அடியில் போகின்றன.

ஒரே ஒரு நிலையில் மட்டும் நான் வாயை மூடிக்கொள்வேன். இதுவரை அப்படிப் பார்க்காத நாய் திடீரென்று ஓயாமல் உணவு தேடினால், நன்றாகத் தின்றும் எடை குறைந்தால், தண்ணீர் அதிகமாகக் குடித்தால், அது பழக்கமாக இல்லாமல் நோயாக இருக்கலாம். கால்நடை மருத்துவரிடம் உடனே காட்டத்தான் வேண்டும். என் நாய்க்கு அப்படி எதுவும் இல்லை. அதன் எடை மாதக்கணக்கில் மாறவே இல்லை.

காலையில் சித்தப்பா ஊருக்குக் கிளம்பிவிட்டார். மதியம் நாங்கள் சாப்பிட உட்கார்ந்தபோது விரிப்பு காலியாக இருந்தது. நாய் என் பக்கம் வரவில்லை. அவர் உட்கார்ந்திருந்த வெறும் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, ஆளே இல்லாத அந்த இடத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. நான் எழுந்துபோய் நாற்காலியைத் தூக்கி அடுத்த அறையில் வைத்துவிட்டு வந்தேன். இன்று மறுபடியும் முதல் நாள்.