100 மில்லி கணக்கை மட்டும் நம்பினால் குளிர்பானம் தப்பித்துவிடும்

லேபிள் படித்துச் சர்க்கரை அளவை ஒப்பிடும் புராஜெக்ட்டில் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் கணக்கு தப்புகிறது. கோலா 100 மில்லிக்கு 10.6 கிராம், கிரீம் பிஸ்கட் 100 கிராமுக்கு 35 கிராம் என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டு, பிஸ்கட்தான் மோசம் என்று முடித்துவிடுகிறார்கள்.

எண்கள் சரிதான், முடிவு தவறு. 100 கிராம் பிஸ்கட்டை ஒரே மூச்சில் சாப்பிடுபவர் குறைவு. 500 மில்லி பாட்டிலைத் திறந்தவரோ பெரும்பாலும் காலி செய்துவிட்டுத்தான் வைப்பார். 60 கிராம் பாக்கெட் பிஸ்கட் முழுவதும் தின்றால் 21 கிராம் சர்க்கரை. அந்த பாட்டிலில் 53 கிராம். ஒரு நாளில் 2000 கலோரி சாப்பிடுபவருக்கு உலக சுகாதார நிறுவனத்தின் உச்ச வரம்பே சுமார் 50 கிராம்தான். முடிந்தால் 25 கிராமுக்குள் நிறுத்துவது நல்லது என்கிறது அதே 2015 வழிகாட்டுதல்.

அதனால் அட்டவணையில் மூன்று கட்டம் வேண்டும்: 100-க்கு எவ்வளவு, பாக்கெட்டின் மொத்த எடை, ஒரே தடவையில் உள்ளே போவது எவ்வளவு. முதல் எண்ணை மூன்றாவதால் பெருக்கி 100-ஆல் வகுத்தால் உண்மையான கிராம் கிடைக்கும். பானத்தோடு பானத்தை ஒப்பிட 100 மில்லி கணக்கு போதும். பானத்தோடு தின்பண்டத்தை ஒப்பிட இந்தக் கடைசிக் கணக்குதான் நியாயமானது.

'ஒரு பரிமாறல்' என்று லேபிளில் இருப்பதை அப்படியே எடுத்து எழுதாதீர்கள். அது கம்பெனி குறித்த அளவு. இரண்டு பிஸ்கட் என்று போட்டிருப்பார்கள், 7 கிராம்தானே என்று தோன்றும். பாக்கெட்டில் எத்தனை பரிமாறல் என்பதையும் பாருங்கள்.

இன்னொரு தடுமாற்றம், கார்போஹைட்ரேட் வரியைச் சர்க்கரை என்று எடுத்துக்கொள்வது. பிஸ்கட்டில் கார்போஹைட்ரேட் 70 கிராம் என்றால் அதில் பாதியளவு மாவு. அதற்குக் கீழே சற்று உள்தள்ளி 'சர்க்கரை' என்று வரும் வரியே நமக்கு வேண்டியது. கோலாவில் இரண்டு வரியும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும், ஏனென்றால் அதில் மாவு இல்லை.

சர்க்கரையைக் காட்சிக்கு வைக்கும்போது ஒரு டீஸ்பூன் 4 கிராம் என்று கொள்ளலாம். ஆனால் கரண்டியால் அள்ளாமல் தராசில் நிறுத்து வையுங்கள். குவித்து அள்ளினால் அளவு எங்கோ போய்விடும்.

பாலும் பழச்சாறும்தான் குழப்பும். சுவையூட்டிய பாலில் 100 மில்லிக்கு 9 கிராம் என்றிருந்தால், ஏறத்தாழ 5 கிராம் பாலுக்கே உரிய லாக்டோஸ். மீதி 4 கிராம்தான் சேர்த்தது. பழச்சாற்றில் இப்படிக் கழிக்க முடியாது. 'சேர்த்த சர்க்கரை 0' என்று இருந்தாலும், பிழிந்த சாற்றில் உள்ள சர்க்கரை முழுவதையும் உலக சுகாதார நிறுவனம் அந்த 50 கிராம் கணக்கிலேயே சேர்க்கிறது. சாறுக்கு மட்டும் மொத்தச் சர்க்கரை வரியையே எழுதுங்கள்.