ஒரு சதவீதமா, ஐந்து சதவீதமா? கடிதத்திலேயே சொல்லுங்கள்

மாதவரம் பக்கம் கட்டிக்கொண்டிருக்கும் ஓர் அடுக்ககத்தில் வீடு பார்த்திருக்கிறான் என் அத்தை மகன். காஸ்ட் ஷீட்டோடு வந்த கடிதத்தை எனக்கு அனுப்பினான். முக்கால் பக்கம் நன்றியும் வாழ்த்தும். கடைசியில் ஒரே வரி: "வரிகளும் இதரக் கட்டணங்களும் விதிப்படி தனி." எந்த விதிப்படி ஐயா?

கட்டி முடிக்காத வீட்டுக்கு 2019 ஏப்ரல் முதல் இரண்டு ஜிஎஸ்டி விகிதங்கள். சென்னையில் கார்பெட் ஏரியா 60 சதுர மீட்டருக்குள், அதாவது சுமார் 645 சதுர அடிக்குள் இருந்து, மொத்தத் தொகையும் 45 லட்சத்தைத் தாண்டாவிட்டால் 1 சதவீதம். இரண்டில் ஒன்று தவறினாலும் 5 சதவீதம். வடசென்னையில் இன்னும் இந்த எல்லையை ஒட்டி வீடுகள் விற்கின்றன என்பதால்தான் இதைச் சொல்கிறேன்.

சிக்கல் 'மொத்தத் தொகை'யில் இருக்கிறது. அது வீட்டின் விலை மட்டுமல்ல. கார் பார்க்கிங், மேல்மாடிக்கும் மூலை வீட்டுக்கும் வாங்கும் கூடுதல் பணம், வளர்ச்சிக் கட்டணம், பொது வசதிக் கட்டணம் எல்லாம் அதில் சேரும். தனி ஒப்பந்தம் போட்டுப் பிரித்துக் காட்டினாலும் சேரும்.

இவன் பார்த்த வீடு 620 சதுர அடி கார்பெட் ஏரியா, விலை 43 லட்சம். முதல் பக்கத்தில் ஜிஎஸ்டி 1 சதவீதம் என்று போட்டு 43,000 ரூபாய் காட்டியிருந்தார்கள். அடுத்த பக்கத்தில் பார்க்கிங் 2 லட்சம், நான்காவது மாடிக்கென்று 60,000. கூட்டினால் 45,60,000. ஆக வரி 5 சதவீதம், 2,28,000 ரூபாய். அந்த 60,000 மட்டும் இல்லையென்றால் தொகை சரியாக 45 லட்சத்தில் நின்று, 45,000 ரூபாய் வரியோடு முடிந்திருக்கும். அறுபதாயிரத்துக்காக வரியில் மட்டும் 1,83,000 கூடுதல்! இது தெரிந்திருந்தால் யார்தான் மாடிக் கட்டணத்தில் பேரம் பேசாமல் இருப்பார்கள்? கட்டுநருக்கும் நஷ்டம் பெரிதில்லை, வீடு விற்றுவிடும்.

கட்டுநரின் கணக்கர் இதை அறியாமல் இருப்பார் என்று நான் நம்பவில்லை. பார்க்கிங்கைப் பிறகு சேர்த்து, சாவி கொடுக்கும்போது வரி வித்தியாசத்தைக் கேட்பதுதான் வழக்கமாக நடக்கிறது.

முன்கூட்டி வாங்கும் பராமரிப்புத் தொகை வேறு கணக்கு, அதற்கு 18 சதவீதம். முத்திரைத்தீர்வையும் பதிவுக் கட்டணமும் அரசுக்குப் போவது, ஜிஎஸ்டியோடு கலக்கக் கூடாது. இவை ஒவ்வொன்றுக்கும் கடிதத்தில் ஒரு வாக்கியம் போதும்.

அவனிடம் சொல்லிவிட்டேன்: முன்பணம் கட்டுமுன் கடிதத்தைத் திருப்பி அனுப்பு. மொத்தத் தொகையில் எவையெல்லாம் சேர்ந்திருக்கின்றன, அதனால் எந்த விகிதம், பின்னால் அவர்கள் கட்டணம் சேர்த்து விகிதம் மாறினால் வித்தியாசத்தை யார் கட்டுவது, இந்த மூன்றையும் எழுதிக் கையெழுத்திட்டுத் தரச் சொல். மூன்றாவதை எழுத மறுத்தால் வேறு வீடு பார்.